மெத்தை வீட்டில்தான் தண்ணீர் அதிகம் புகுமா? என் மாடல் சொல்வதை நம்ப முடியவில்லை

கெடிலக்கரை செல்வி

வணக்கம். கடலூரில் கெடிலம் கரையோரமாக ஒன்பது தெருக்கள், சுமார் ஆயிரம் வீடுகள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது எங்களுக்கும் நல்ல அடி. தெருவுக்குள் தண்ணீர் வந்தது. அடுத்த முறை எந்த வீடுகளை முதலில் காலி செய்யச் சொல்வது என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ள நானும் சில நண்பர்களும் ஆசைப்பட்டோம். புயலுக்குப் பிறகு 375 வீட்டுக்காரர்களிடம் படிவம் நிரப்பி வாங்கியிருந்தோம். வீடு கூரையா, காங்கிரீட் தளம் போட்ட மெத்தையா, தெருமட்டத்தைவிட எத்தனை படி உயரம், உள்ளே தண்ணீர் வந்ததா என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதை வைத்து, வீட்டு விவரங்களைக் கேள்வி கேள்வியாகக் கிளை பிரித்துத் தண்ணீர் வருமா என்று கணிக்கும் டிசிஷன் ட்ரீ மாடல் ஒன்று போட்டேன்.

பிரச்சினை இதுதான். கூரை வீடு 264, அதில் தண்ணீர் புகுந்தது 168. மெத்தை வீடு 111, அதில் தண்ணீர் புகுந்தது 90. அதாவது கூரை வீட்டில் நூற்றுக்கு 64, மெத்தை வீட்டில் நூற்றுக்கு 81. மாடலும் மெத்தை வீடுகளைத்தான் ஆபத்து என்று மேலே தள்ளுகிறது. நான் இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவள். கூரை வீடுகள் பள்ளத்தில் இருக்கின்றன, மெத்தை வீடுகளுக்குப் பெரும்பாலும் இரண்டு படியாவது உண்டு. 75 படிவங்களை ஒதுக்கி வைத்துச் சோதித்தேன், 61 சரியாக வந்தது. கணக்கு சரி என்றால் என் கண் பொய்யா?

முத்தியால்பேட்டை ரவி

375 ரொம்பக் குறைவு. இவ்வளவு சின்ன டேட்டாவில் இப்படித்தான் தாறுமாறாக வரும். கூகுள் ஃபார்ம் ஒன்று போட்டு ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் விடுங்கள். ஒரு வாரத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் வந்துவிடும். அளவு கூடினால் பிழை தானாகக் குறையும்.

லாஸ்பேட்டை மீனாட்சி

ரவி தம்பி, குறையும் பிழை ஒன்று, குறையாத பிழை ஒன்று. தற்செயலாக இந்த வீடு வந்தது, அந்த வீடு வரவில்லை என்பதால் ஏற்படும் ஆட்டம் அளவு கூடக்கூட அடங்கும். யார் வந்து சொன்னார், யார் வரவில்லை என்பதிலேயே ஒரு சாய்வு இருந்தால் அது அடங்காது. 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை அதிபர் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்டு ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. சுமார் 24 லட்சம் திரும்பி வந்தன. அதை எண்ணி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டனுக்கு 57 சதவீதம் என்று அச்சடித்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் 61 சதவீதத்துக்குப் பக்கத்தில் வாங்கி ஜெயித்தார். அதே தேர்தலில் கருத்துக் கணிப்பாளர் கேலப் ஏறக்குறைய 50,000 பேரிடம் கேட்டு ரூஸ்வெல்ட்தான் என்று சொல்லியிருந்தார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலுக்கு அட்டை போனது என்பதை எல்லோரும் சொல்வார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: அட்டை கிடைத்தவர்களிலேயே ரூஸ்வெல்ட் மேல் கோபமாக இருந்தவர்கள்தான் அதிகம் சிரத்தையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

அதனால் செல்வியிடம் என் முதல் கேள்வி. படிவத்தை எங்கே வைத்து நிரப்பினீர்கள்? அங்கே வந்தவர்கள் எதற்காக வந்தார்கள்?

கெடிலக்கரை செல்வி

மேடம், பள்ளிக்கூடத்தில் வைத்து. நாங்கள் அரிசியும் தார்ப்பாயும் கொடுத்தோம். வாங்க வந்தவர்களிடம் அங்கேயே படிவம் நிரப்பினோம். வீடு வீடாகப் போகவில்லை.

பண்ருட்டி குமரேசன்

எல்லோருக்கும் வணக்கம். சாம்பிள் எடுப்பதைப் பற்றிப் பேசுவதால் சொல்கிறேன், தங்கச்சி கேட்டது மண் பரிசோதனை இல்லை என்றால் மன்னிக்கவும். எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் ஒரு முறை மண் எடுத்து அனுப்பினேன். வரப்போரமாக, முன்பு எருக்குவியல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், கைக்குச் சுலபமாக வந்த மண்ணை அள்ளிவிட்டேன். சத்து நிறைய இருக்கிறது, உரம் குறையுங்கள் என்று ரிப்போர்ட் வந்தது. குறைத்தேன். கொல்லை நடுவில் செடி வெளுத்துப் போனது. அப்புறம்தான் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். வரப்பு, மர நிழல், எருக்குழிப் பக்கம் விட்டுவிட்டு, கொல்லை முழுக்க வளைந்து வளைந்து நடந்து, பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ மாதிரி குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை சுவரைச் செதுக்கி எடுத்துக் கலக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் தப்பே இல்லை. நான் கொடுத்த மண்ணைத்தான் சரியாகப் பார்த்துச் சொன்னார்கள்.

லாஸ்பேட்டை மீனாட்சி

குமரேசன் ஐயா, நீங்கள் இழைக்கு வெளியே போகவில்லை. செல்வியின் மாடலும் கொடுத்த மண்ணைச் சரியாகத்தான் படித்திருக்கிறது.

செல்வி, தார்ப்பாய் என்றதும் எனக்குச் சங்கதி புரிகிறது. கூரை வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்துக்கு வர இரண்டு காரணம் இருந்திருக்கும். ஒன்று, தண்ணீர் உள்ளே வந்தது. இல்லாவிட்டால் காற்றில் கூரை பிரிந்தது. தண்ணீரே வராத கூரை வீட்டுக்காரரும் தார்ப்பாய்க்காக வந்திருப்பார். மெத்தை வீட்டுக்குக் கூரை பிரியாது. தண்ணீர் வந்து அரிசி பருப்பு நனைந்திருந்தால்தான் அவர் வரிசையில் வந்து நின்றிருப்பார். நனையாதவர் வீட்டிலேயே இருந்திருப்பார். ஆக, உங்களிடம் வந்த மெத்தை வீடுகள் எல்லா மெத்தை வீடுகளுக்கும் பிரதிநிதி இல்லை, அநேகமாக நனைந்தவை மட்டும்.

உங்கள் தெருக்களில் எத்தனை கூரை, எத்தனை மெத்தை என்று பட்டியல் இருக்கிறதா?

கெடிலக்கரை செல்வி

இருக்கிறது மேடம். கூரையும் ஓடும் சேர்த்து 400. மெத்தை 600.

முத்தியால்பேட்டை ரவி

அப்படியென்றால் தீர்வு சுலபம். 600 மெத்தை வீட்டில் 111 பேர்தான் வந்திருக்கிறார்கள், 400 கூரை வீட்டில் 264 பேர் வந்துவிட்டார்கள். எடை போட்டுச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு மெத்தை வீட்டையும் 600/111 ஆகவும் ஒவ்வொரு கூரை வீட்டையும் 400/264 ஆகவும் எண்ணினால் ஊரின் விகிதம் வந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் எல்லா சர்வேக்கும் இதைத்தான் செய்கிறோம்.

கெடிலக்கரை செல்வி

போட்டுப் பார்த்தேன் அண்ணா. எடை இல்லாமல் பார்த்தால் மொத்தம் 69 சதவீத வீடுகளில் தண்ணீர். எடை போட்டால் 74 ஆகிவிட்டது. ஒன்பது தெருவில் நாலில் மூன்று வீட்டில் தண்ணீர் என்று சொன்னால் எங்கள் பாட்டிகூட ஒத்துக்கொள்ள மாட்டார். முன்பு இருந்ததைவிட மோசமாகப் போகிறதே?

லாஸ்பேட்டை மீனாட்சி

மோசமாகத்தான் போகும். எடை போடும்போது நாம் ஒன்றை மனத்துக்குள் ஒத்துக்கொள்கிறோம்: வந்த மெத்தை வீட்டுக்காரரும் வராத மெத்தை வீட்டுக்காரரும் ஒரே மாதிரி. இங்கே அது பொய். நனைந்ததால்தான் அவர்கள் வந்தார்கள். நனைந்த 90 பேரைப் பெருக்கி ஐந்நூறு பேர் அளவுக்கு ஊதிவிட்டோம். வயது, பாலினம், வீட்டு வகை போன்றவற்றால் மட்டும் வருகை மாறினால் எடை காப்பாற்றும். நாம் அறிய விரும்பும் விடையே ஒருவரை வரவழைத்தால் எடை கைவிடும். ரவி அலுவலகத்து சர்வேக்களில் இந்தச் சிக்கல் இல்லாமல் இருக்கலாம், எனக்குத் தெரியாது.

ஒரு கற்பனை ஊர் காட்டுகிறேன். 400 கூரை வீட்டில் 240இல் தண்ணீர், 600 மெத்தை வீட்டில் 180இல் தண்ணீர். அதாவது கூரையில் 60 சதவீதம், மெத்தையில் 30. நனைந்த கூரை வீட்டுக்காரரில் நூற்றுக்கு 70 பேர் பள்ளிக்கூடம் வந்தார்கள், நனையாதவரில் 60 பேர். நனைந்த மெத்தை வீட்டுக்காரரில் நூற்றுக்கு 50 பேர், நனையாதவரில் வெறும் 5 பேர். பெருக்கிப் பாருங்கள்: 168, 96, 90, 21. செல்வியின் கையில் இருக்கும் 375 படிவம் அப்படியே வந்துவிட்டது. கூரை வீடுதான் இரு மடங்கு ஆபத்து என்ற ஊரிலிருந்து, மெத்தை வீடுதான் ஆபத்து என்று சொல்லும் டேட்டா.

இன்னொரு ஊரும் சொல்கிறேன். 400 கூரையில் 200 நனைந்தன, 600 மெத்தையில் 360 நனைந்தன. அதாவது 50க்கு 60, மெத்தைதான் அதிகம். நனைந்த கூரையில் 84 சதவீதம், நனையாததில் 48 சதவீதம் வந்தார்கள். நனைந்த மெத்தையில் 25 சதவீதம், நனையாததில் 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதிலும் அதே 168, 96, 90, 21 வருகிறது.

இரண்டு ஊரும் நேர் எதிர், படிவங்கள் ஒன்றே. எந்த ஊர் உங்களுடையது என்று அந்த 375 காகிதத்தை எத்தனை தடவை புரட்டினாலும் தெரியாது. மாடலை மாற்றினாலும் தெரியாது. செல்வி ஒதுக்கி வைத்த 75 படிவமும் அதே வரிசையில் நின்றவர்களுடையதுதான், அதனால் அந்தச் சோதனையும் இதைக் காட்டாது. எல்லா வீட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ‘தண்ணீர் வந்தது’ என்று சொன்னாலே 75இல் 52 அளவுக்குச் சரியாகிவிடும் என்பதையும் கவனியுங்கள். 61 என்பது பார்க்கும்போது தோன்றும் அளவுக்குப் பெரியது இல்லை.

முத்தியால்பேட்டை ரவி

சரி அக்கா, எடை பற்றி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 1979இல் பொருளாதார அறிஞர் ஹெக்மேன் எழுதிய முறை இருக்கிறதே. யார் வருவார்கள் என்பதற்கே ஒரு சமன்பாடு எழுதி, அந்தத் திருத்தத்தை இரண்டாவது சமன்பாட்டில் போடுவது. வராத வீடுகளும் பட்டியலில் இருக்கின்றன. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்துவிடலாம். தூரத்தில் இருப்பவர் வருவது குறையும். தூரத்துக்கும் தண்ணீர் புகுவதற்கும் சம்பந்தம் இல்லை.

கெடிலக்கரை செல்வி

சம்பந்தம் இருக்கிறது அண்ணா. பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது. தூரமாகப் போகப் போக ஆற்றைப் பார்த்து இறக்கம்தான்.

முத்தியால்பேட்டை ரவி

அப்படியென்றால் தூரம் உதவாது. வேறு ஏதாவது இருக்கும். செய்தி எந்த வாட்ஸ்அப் குழுவில் முதலில் போனது என்பது மாதிரி. யோசிக்கிறேன். முறை தப்பு என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை.

லாஸ்பேட்டை மீனாட்சி

முறை தப்பு என்று நானும் சொல்லவில்லை. வருகையை மாற்றும், தண்ணீரை மாற்றாத ஒரு விஷயம் கிடைக்க வேண்டும், அது கிடைப்பது அபூர்வம். ஆயிரம் வீட்டு ஊரில் அதைத் தேடுவதைவிடச் சுலபமான வேலை ஒன்று இருக்கிறது. வராத 625 வீடுகளில் கொஞ்சத்தைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து நேரில் போய்க் கேளுங்கள். ஹான்சென், ஹர்விட்ஸ் என்ற இருவர் 1946இலேயே எழுதி வைத்த யோசனை. முதலில் மலிவாகக் கிடைப்பதை வாங்கு, கிடைக்காதவர்களில் ஒரு சிறு பங்கை மட்டும் எப்பாடு பட்டாவது சந்தி, அந்தச் சிறு பங்கை வராத எல்லோருக்கும் பேச வை. பத்தில் ஒன்று எடுத்தால் 62 வீடு. இரண்டு பேர் ஒரு வாரத்தில் முடிக்கலாம்.

அரியாங்குப்பம் சேகர்

வீடு வீடாகப் போவது என்றால் நான் பேச வேண்டும். ஒரு தனியார் நிறுவனத்துக்காக நான்கு வருஷம் பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கம் படிவம் தூக்கி அலைந்தவன். பட்டியலில் உள்ள வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் எடுத்துக்கொள் என்று மேற்பார்வையாளர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். நாளைக்கு இத்தனை படிவம் என்று கணக்கு, படிவத்துக்குத்தான் காசு. நானும் எடுத்தேன். காலை பதினோரு மணிக்குத் திறந்திருக்கும் வீட்டில் யார் இருப்பார்கள்? வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், கடையும் வீடும் ஒன்றாக உள்ளவர்கள். கட்டட வேலைக்குப் போன கணவன் மனைவி, கம்பெனி ஷிஃப்டில் இருப்பவர், விடியலில் கடலுக்குப் போனவர் யாரும் என் படிவத்தில் இல்லை. தாளில் 100க்கு 100 வீடு சந்தித்தாயிற்று என்று போனது. அந்த நூறு எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதை வைத்து எந்த ஊரில் எதைத் திறந்தார்கள், எதை மூடினார்கள் என்று எனக்குத் தெரியாது.

செல்வி, இதை மட்டும் செய்யுங்கள். குலுக்கலில் வந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைத் தொடாதீர்கள். பூட்டு என்று எழுதுங்கள். அதே வீட்டுக்கு ஒரு முறை சாயங்காலம் ஏழு மணிக்கும், ஒரு முறை ஞாயிற்றுக்கிழமையும் போங்கள். மீனவர் வீடாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் ஆள் கிடைப்பார்கள், ஆனால் அதுவரை காத்திருக்க முடியாது. கரை திரும்பி மீன் ஏலம் முடிந்த பிறகு போங்கள்.

கெடிலக்கரை செல்வி

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். 62 வீடு குலுக்கிப் போட்டோம். சேகர் அண்ணா சொன்னபடி மூன்று தடவை வரை போனோம். 54 வீட்டில் ஆள் கிடைத்தார்கள். 8 வீடு கடைசி வரை பூட்டு. அந்த எட்டில் ஏழு மெத்தை, ஒன்று கூரை.

ஆள் கிடைத்ததில் கூரை 13, அதில் தண்ணீர் வந்தது 7. மெத்தை 41, அதில் தண்ணீர் வந்தது 8. வராத கூரை வீடு 136, மெத்தை 489. இதைச் சேர்த்துப் போட்டது:

```
koorai = (168 + 136 * 7/13) / 400
methai = (90 + 489 * 8/41) / 600
print(round(koorai, 2), round(methai, 2))
# 0.6 0.31
```

கூரை 60, மெத்தை 31. மூன்றாவது தெருவில் ஒரு மெத்தை வீட்டு அம்மா, “எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, நாங்கள் எதற்கு வந்து வாங்க வேண்டும்” என்று கேட்டார். அதைக் கேட்டதும் மேடம் சொன்னது முழுசாகப் புரிந்தது. அவரைப் போன்ற ஒருவர்கூட என் மாடல் கண்ணில் பட்டதில்லை.

முத்தியால்பேட்டை ரவி

நல்ல வேலை. ஆனால் 13 வீட்டை வைத்து 136 வீட்டுக்குப் பேசுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஏழு என்பது ஐந்தாகவும் ஒன்பதாகவும் இருந்திருக்கலாம்.

லாஸ்பேட்டை மீனாட்சி

இருந்திருக்கலாம், நியாயமான கேள்வி. அந்த ஆட்டத்தைக் கணக்கில் எடுத்தால் கூரைக்கு ஏறத்தாழ 51 முதல் 70 வரை, மெத்தைக்கு 21 முதல் 41 வரை என்று விரித்துச் சொல்லலாம். விரித்தாலும் இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. முன்பு 64, 81 என்று ஒற்றை எண்ணாக நின்றபோது உறுதியாகத் தெரிந்தது, தவறாக இருந்தது. இப்போது அகலமாக இருக்கிறது, ஆனால் அந்த அகலத்தை நாம் அளக்க முடிகிறது.

எனக்கு உறுத்துவது அந்த ஏழு பூட்டு வீடுகள். வெளியூர் போனதால் பூட்டா, தண்ணீர் வந்ததால் உறவினர் வீட்டுக்குப் போய் இன்னும் திரும்பாததால் பூட்டா? இரண்டாவது என்றால் மறுபடியும் விடைதான் ஆளை மறைக்கிறது. மிக மோசமாக வைத்துக்கொண்டு, ஏழும் நனைந்தவை என்றால் மெத்தையில் 41இல் 8 என்பது 48இல் 15 ஆகும், மொத்தம் 40 சதவீதம். கூரையில் பூட்டியிருந்த ஒன்று நனையாதது என்று வைத்தாலும் 59. வரிசை மாறவில்லை. அதனால் பட்டியலில் கூரை வீடுகளை மேலே வைக்கத் தயங்க வேண்டாம்.

மாடலை மறுபடி ஓட்டும்போது முகாமுக்கு வந்த வீட்டுக்கு எடை 1. நேரில் கேட்ட கூரை வீட்டுக்கு 136/13, மெத்தை வீட்டுக்கு 489/41. சோதனைக்கு இந்த 54 வீடுகளை ஒதுக்கப் பாருங்கள் என்று சொல்ல ஆசை, ஆனால் அவை பயிற்சிக்கும் தேவைப்படுகின்றன. ஐந்து பங்காகப் பிரித்து மாற்றி மாற்றிச் சோதிக்கலாம், சோதனையிலும் எடையோடு எண்ணுங்கள்.

முத்தியால்பேட்டை ரவி

படி உயரம் பற்றிய கிளைகளுக்கும் இதே எடை போதுமா? கூரை, மெத்தை என்ற இரண்டு பிரிவுக்குத்தான் எடை கணக்கிட்டிருக்கிறோம். ஒரு படி வீட்டுக்காரரும் மூன்று படி வீட்டுக்காரரும் ஒரே விகிதத்தில் பூட்டியிருந்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

லாஸ்பேட்டை மீனாட்சி

சொல்ல முடியாது. 54 வீட்டை அதற்கு மேல் கூறு போட்டால் ஒரு கூறில் இரண்டு மூன்று வீடுதான் மிஞ்சும். படி உயரத்தைப் பற்றி மாடல் சொல்வதை இப்போதைக்குப் பட்டியலில் சேர்க்காமல் விடுவேன்.

கெடிலக்கரை செல்வி

எனக்கு அதை விட மனசில்லை மேடம். படி உயரம் தண்ணீரை நிறுத்தியதை நானே பார்த்தேன். இன்னும் 60 வீடு குலுக்கட்டுமா?

அரியாங்குப்பம் சேகர்

குலுக்குவதற்கு முன் அந்த எட்டுப் பூட்டு வீட்டை முடியுங்கள். பக்கத்து வீட்டில் தண்ணீர் வந்ததா என்று கேட்காமல், இவர்கள் எங்கே போயிருக்கிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று மட்டும் கேளுங்கள். போன் நம்பர் கொடுப்பார்கள். பால் ஊற்றுகிறவருக்கும் தெரிந்திருக்கும். பால் வேண்டாம் என்று எந்தத் தேதியில் சொன்னார்கள் என்பதைக் கேட்டாலே புயலுக்கு முன்னால் போனார்களா, பின்னால் போனார்களா என்று தெரிந்துவிடும்.

கெடிலக்கரை செல்வி

நாளைக்கு விடியற்காலை பால்காரரைப் பிடிக்கிறேன் அண்ணா. எட்டு வீட்டு விவரம் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.